ஆட்டோ கட், தானியங்கி கேப்ஷன், பீட் கண்டறிதல்: நம்புவதற்கு முன் நான் பார்ப்பவை

ஒருவர் பேசிக்கொண்டே செய்துகாட்டும் செயல்விளக்கக் காணொளிகளைத்தான் நான் பெரும்பாலும் தொகுக்கிறேன். அவற்றில் அமைதியான இடங்களை நீக்கும் ஆட்டோ கட், பேச்சை எழுத்தாக்கும் கேப்ஷன், இசையின் தாளத்தைக் கண்டுபிடித்து மார்க்கர் வைக்கும் பீட் கண்டறிதல் ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மூன்றும் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. புதிய கருவி ஒன்று கைக்கு வரும்போது அது எத்தனை பிழை செய்கிறது என்பதைவிட, எந்தப் பிழையைச் சுவடே தெரியாமல் செய்கிறது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். அவ்வகைப் பிழைகள் பெரும்பாலும் ஆட்டோ கட்டில்தான் தொடங்குகின்றன.

ஆட்டோ கட் வசதிகளில் பல, ஒலியின் அளவை மட்டுமே பார்க்கின்றன. குறிப்பிட்ட டெசிபெல் எல்லைக்குக் கீழே, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஒலி தாழ்ந்திருந்தால், அந்த இடத்தை அமைதி என்று முடிவுசெய்து வெட்டிவிடும். தமிழ்ப் பேச்சில் இதற்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. காலமும் எதிர்மறையும் அந்த வினையின் வாலில்தான் இருக்கின்றன. பேசுபவரின் மூச்சும் குரலும் தாழ்வதும் அதே இடத்தில்தான். ‘எடுத்து’, ‘போட்டு’ போன்ற சொற்களின் இறுதியில் வரும் குற்றியலுகரத்துக்கு இலக்கணமே அரை மாத்திரைதான் தருகிறது. எல்லை சற்று உயர்ந்திருந்தால் முதலில் தேய்ந்துபோவது அதுவே. அது தேய்ந்தால் கேட்பவருக்குச் சிறு நெருடல், அவ்வளவுதான். எதிர்மறை காணாமல் போவது அப்படிப்பட்டதன்று.

புதிய கருவிகளுக்கு நான் வைக்கும் சோதனைப் பதிவில் ஒருவர், “இந்தத் திருகைக் கழற்ற வேண்டியது…” என்று சொல்லி, கையிலுள்ள பொருளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் “இல்லை” என்று முடிக்கிறார். இரண்டு பக்கமும் இடைவெளி இருப்பதால் அந்த ‘இல்லை’ தனித் துண்டாக நிற்கிறது. பல கருவிகளில் மிகக் குறுகிய ஒலித் துண்டுகளை இருமல், தட்டல் என்று கருதி ஒதுக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. எல்லை சற்று உயர்ந்திருந்தாலோ அந்த அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தாலோ அச்சொல் போய்விடுகிறது. மிஞ்சுவது “இந்தத் திருகைக் கழற்ற வேண்டியது”. பேச்சுவழக்கில் அது முழுமையான அறிவுறுத்தலாகவே ஒலிக்கும். வெட்டிய ஒலியை கேப்ஷனுக்குக் கொடுத்தால், அது கேட்டதைப் பிசகின்றி எழுதிவைக்கும். ஒலியும் எழுத்தும் ஒன்றோடொன்று பொருந்துவதால், இறுதிச் சரிபார்ப்பில் யாருக்கும் ஐயம் எழாது. பேசியவர் சொன்னதற்கு நேர்மாறானது பார்வையாளரிடம் போய்ச் சேரும்.

ஆகவே வெட்டச் சொல்வதற்கு முன், அமைதி என்று கருவி எதை எண்ணுகிறது என்பதைத் தனியாகப் பார்த்துவிடுகிறேன். இதற்கு ffmpeg போதும். ஒரே பதிவை இரண்டு எல்லைகளில் ஓட்டுகிறேன்:

```
ffmpeg -i pechu.wav -af silencedetect=noise=-35dB:d=0.4 -f null -
ffmpeg -i pechu.wav -af silencedetect=noise=-45dB:d=0.4 -f null -
```

ஒவ்வொரு அமைதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இது நொடிக் கணக்கில் காட்டும். இரண்டு பட்டியலிலும் உள்ள இடங்களைப் பற்றி நான் பெரிதும் கவலைப்படுவதில்லை. முதல் எல்லையில் அமைதி என்றும் இரண்டாவதில் அமைதியில்லை என்றும் வரும் இடங்களே ஐயத்துக்குரியவை. தாழ்ந்த குரலில் சொன்ன சொற்கள் பெரும்பாலும் அங்குதான் இருக்கும். அவற்றை மட்டும் காதால் கேட்டால் போதும். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது ஓட்டத்தில் அமைதியே கிடைக்காமல் போகலாம். அப்படியானால், அந்தப் பதிவில் பின்னணி இரைச்சலும் தாழ்ந்த குரலும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன என்று பொருள். அதை நான் ஆட்டோ கட்டுக்குக் கொடுப்பதே இல்லை. மற்றவற்றில், பேச்சுக்கு முன்னால் 0.1 நொடியும் பின்னால் 0.25 நொடியும் விட்டு வெட்டும்படி அமைக்கிறேன். பல கருவிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவை வைத்திருக்கின்றன. தமிழுக்குப் பின்பக்கம்தான் கூடுதலாக வேண்டும்.

கேப்ஷனில் லகர ளகரமும் னகர ணகரமும் மாறிவருவதைப் பலர் பெரிய குறையாகச் சொல்வார்கள். அவை கண்ணில் படும் பிழைகள், படிக்கும்போதே திருத்திவிடலாம். எனக்கு அச்சம் தருவது சரளமாக வரும் பிழை. பேச்சுணர் மாதிரிகள் ஒலியை மட்டுமன்றி, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதையும் கணக்கில் கொள்கின்றன. அதனால் தெளிவற்ற இடத்தில் வெற்றிடம் விடாமல், இலக்கணத்துக்குப் பொருந்தும் ஒரு சொல்லை இட்டு நிரப்புகின்றன. இசை மட்டும் ஒலிக்கும் இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியம் தோன்றுவதும் உண்டு. சொற்பிழை விகிதம் என்னும் அளவுகோல் இங்கே அதிகம் உதவாது. ‘பழம்’ என்பது ‘பலம்’ ஆனாலும் ‘வேண்டும்’ என்பது ‘வேண்டாம்’ ஆனாலும் அதன் கணக்கில் ஒரு பிழைதான்.

கேப்ஷனைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கேட்டால், கண் படித்ததைத்தான் காதும் கேட்கும். எனவே சோதனையின்போது எழுத்தை மறைத்துவிட்டு, வெட்டப்படாத மூல ஒலியை முதலில் கேட்கிறேன். அதில் வரும் எதிர்மறைகள், எண்கள், பெயர்கள் ஆகிய மூன்றை மட்டும் கையால் குறித்துக்கொண்டு, பிறகு கேப்ஷனோடு ஒப்பிடுகிறேன். மூல ஒலி என்பது முக்கியம். வெட்டிய ஒலியை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் ‘இல்லை’ போன சுவடு கிடைக்காது. இந்தக் காரணத்தால் என் வேலை வரிசையையும் மாற்றிக்கொண்டேன். முதலில் முழு ஒலிக்கும் கேப்ஷன் எடுத்துத் திருத்துகிறேன். அதன் பிறகே வெட்டுகிறேன். வெட்டிய ஒலிக்கு மறுபடியும் கேப்ஷன் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், வெட்டில் விழுந்த சொற்கள் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.

பீட் கண்டறிதலில் பொருள் மாறுவதில்லை என்பதால் அபாயம் குறைவு. ஆனால் அதன் பிழை தொடக்கத்தில் தெரியாது. சில கருவிகள் பாட்டு முழுவதற்கும் ஒரே வேகத்தைக் கணித்துச் சம இடைவெளியில் மார்க்கர்களை அடுக்கிவிடுகின்றன. நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டை 119.5 என்று கணித்தால் முதல் சில மார்க்கர்கள் கச்சிதமாகவே விழும். மூன்றாம் நிமிட முடிவில் அவை முக்கால் நொடி பின்தங்கியிருக்கும். அந்த வேகத்தில் முக்கால் நொடி என்பது ஒன்றரை பீட். அதாவது வெட்டு சரியாக இரண்டு பீட்டுகளுக்கு நடுவே விழும். ஆகையால் நான் முதலில் பாட்டின் கடைசி மார்க்கர்களைத்தான் பார்க்கிறேன். அடுத்து, உண்மையான வேகத்தின் பாதியையோ இரட்டிப்பையோ எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்க்கிறேன். இது எளிதில் திருந்தும் பிழை.

நம் இசையில் இன்னும் இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். தாளமின்றிப் பாடும் ஆலாபனையிலும் சில கருவிகள் மார்க்கர் வைக்கின்றன. அவை குரலின் அசைவுகளே தவிர பீட் அல்ல, அந்தப் பகுதி முழுவதையும் அழித்துவிடுவதே நல்லது. மிஸ்ர சாபு தாளத்தில் 3, 4 என்று பிரியும் ஏழு எண்ணிக்கையை, நான்கு நான்காகவே எண்ணப் பழகிய கருவி தவறாகக் கூட்டும். அதன் மார்க்கர்கள் ஒவ்வொன்றும் தாளத்தில் சரியாக விழுந்தாலும், ஆவர்த்தனத்தின் முதல் அடி என்று அது காட்டும் இடம் சுற்றுக்குச் சுற்று நகர்ந்துகொண்டே போகும். அத்தகைய பாட்டுகளில் மார்க்கர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த முதல் அடியைக் கையால் குறித்து, வெட்டுகளை நானே இடுகிறேன்.