40 கோடி வேல்யூவேஷனா 30 கோடியா? ரெண்டு டெர்ம் ஷீட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்

முதல் தடவை ஃபண்டிங் எடுக்கிறவங்க கைக்கு, இன்வெஸ்டர் தன் நிபந்தனையை எழுதித் தர்ற டெர்ம் ஷீட் ரெண்டு வந்தா கண்ணு நேரா வேல்யூவேஷன் நம்பருக்குத்தான் போகும், அது பெருசா இருக்கிறதுல கையெழுத்துப் போட்டுடலாம்னு மனசு சொல்லும். கம்பெனியை ஒருநாள் விக்கும்போது உங்க கைக்கு எவ்ளோ வரும்ங்கிறதை அந்த நம்பர் மட்டும் முடிவு பண்றதில்ல. ரெண்டு மூணு பக்கம் தள்ளி லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ்னு ஒரு பத்தி இருக்கும், அதையும் சேத்துப் படிச்சாத்தான் கணக்கு முழுசாகும்.

ஒரு கேஸ் எடுத்துக்குவோம். ரெண்டு இன்வெஸ்டருமே 10 கோடி போடறாங்க.

ஷீட் 1: ப்ரீ-மனி 40 கோடி. அதாவது பணம் உள்ள வர்றதுக்கு முன்னாடி கம்பெனி மதிப்பு 40, வந்தப்புறம் போஸ்ட்-மனி 50. 10 போட்டவருக்கு 20%, உங்க பக்கம் 80%. ப்ரிஃபரன்ஸ்: 1 எக்ஸ் பார்ட்டிசிபேட்டிங், கேப், அதாவது உச்சவரம்பு, கிடையாது.

ஷீட் 2: ப்ரீ-மனி 30, போஸ்ட்-மனி 40. இன்வெஸ்டருக்கு 25%, உங்களுக்கு 75%. ப்ரிஃபரன்ஸ்: 1 எக்ஸ் நான்-பார்ட்டிசிபேட்டிங்.

1 எக்ஸ்னா கம்பெனி வித்த பணத்துல, கடன் எல்லாம் கட்டி மிச்சம் இருக்கிறதுல, இன்வெஸ்டர் போட்ட 10 கோடியை முதல்ல எடுத்துக்குவார். இதுல தப்பு ஒண்ணும் இல்ல, பணம் போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு நியாயமானதுதான். அதுக்கப்புறம் என்ன ஆகுதுங்கிறதுலதான் ரெண்டும் பிரியுது. நான்-பார்ட்டிசிபேட்டிங்ல அவர் ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஒண்ணு போட்ட 10 கோடி, இல்லனா தன்னோட 25% பங்கு, எது பெருசோ அது. பார்ட்டிசிபேட்டிங்ல முதல்ல 10 கோடியை எடுத்துட்டு, மிச்சத்துலயும் மறுபடி வந்து 20% வாங்கிக்குவார், ஒரே வீட்டுக் கல்யாணத்துல முதல் பந்தியிலயும் சாப்பிட்டு ரெண்டாவது பந்தியிலயும் உக்கார்ற மாதிரி.

இப்ப கம்பெனியை வித்தா இன்வெஸ்டர் போக உங்க பக்கம் எவ்ளோ நிக்கும்னு பாருங்க (எல்லாம் கோடியில):

| விக்கிற விலை | ஷீட் 1 | ஷீட் 2 |
|---|---|---|
| 15 | 4 | 5 |
| 30 | 16 | 20 |
| 60 | 40 | 45 |
| 100 | 72 | 75 |
| 160 | 120 | 120 |
| 200 | 152 | 150 |

60 கோடி வரியை மட்டும் போட்டுப் பாப்போம். ஷீட் 1-ல முதல்ல 10 போச்சு, மிச்சம் 50-ல 20%னா இன்னொரு 10, ஆக இன்வெஸ்டருக்கு 20, உங்களுக்கு 40. ஷீட் 2-ல அவருக்கு 10 எடுக்கிறதா இல்ல 60-ல 25% ஆன 15 எடுக்கிறதான்னு கேள்வி, 15-ஐ எடுப்பார், உங்களுக்கு 45. வேல்யூவேஷன் 10 கோடி கம்மியா இருக்கிற ஷீட்டுல உங்களுக்கு 5 கோடி அதிகம்.

160 கோடிக்கு மேல வித்தாத்தான் ஷீட் 1 ஜெயிக்குது. போஸ்ட்-மனி 50-ன்னு மதிப்பு போட்ட கம்பெனி அதைவிட மூணு மடங்குக்கு மேல போகணும், அப்படிப் போய் 200-க்கு வித்தாலும் வித்தியாசம் வெறும் 2 கோடி. கீழ்ப்பக்கம் 30-க்கு வித்தா 4 கோடி நஷ்டம். என்னைக் கேட்டா இந்த ரெண்டுல ஷீட் 2-ஐத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஷீட் 1 பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. கம்பெனி ஐபிஓ போனா வழக்கமா ப்ரிஃபரன்ஸ் ஷேர் எல்லாம் சாதாரண ஷேரா மாறிடும், அப்ப இந்த முதல் பந்தி உரிமை போயிடும், 80%க்கும் 75%க்கும் உள்ள வித்தியாசம் முழுசா உங்களுக்குத்தான். ஆனா நிறைய ஸ்டார்ட்அப் கதை ஐபிஓல முடியறதில்ல, இன்னொரு கம்பெனி வாங்கறதுலதான் முடியுது, அந்த விற்பனையையும் டெர்ம் ஷீட் லிக்விடேஷன்னுதான் கணக்குல எடுத்துக்கும். கம்பெனி மூடினா மட்டும்தான் இந்தப் பத்தி வேலை செய்யும்னு நினைச்சுக்கிட்டு பலபேர் படிக்காமயே தாண்டிடறாங்க, அதான் ஆபத்து.

அடுத்த ரவுண்டு வந்தா இது இன்னும் கனமாகும். புதுசா வர்றவர் பழைய ஷீட்டைப் பாத்துட்டு எனக்கும் அதே வேணும்பார். அவர் 30 கோடி போட்டு 20% எடுக்கறார்னு வைங்க. ஷீட் 1 வழியில வந்திருந்தா உங்ககிட்ட 64% இருக்கும், பேப்பர்ல பாக்க நல்லாத்தான் இருக்கும். 60 கோடிக்கு வித்தா முதல்ல 40 கோடி ரெண்டு இன்வெஸ்டருக்கும் போயிடும், மிச்சம் 20-ல 64%னா 12.8 கோடிதான் உங்களுக்கு. ஷீட் 2 வழியில 60% தான் இருக்கும், ஆனா அவங்க 30-ம் 10-ம் எடுத்துட்டு ஒதுங்கிடுவாங்க, மிச்சம் 20 கோடியும் உங்களுது. இதுல உங்க டீம்ல ஈசாப், அதாவது ஊழியர்களுக்கான ஷேர் ஆப்ஷன், வச்சிருக்கிறவங்க பங்கும் அடங்கும்ங்கிறதை மறந்துடாதீங்க.

ஷீட்ல இது எப்படி எழுதியிருக்கும்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா பார்ட்டிசிபேட்டிங்ங்கிற வார்த்தையே இல்லாமலும் வரும். ப்ரிஃபரன்ஸ் கொடுத்தப்புறம் மிச்சத்தை எல்லா ஷேர்ஹோல்டருக்கும் 'ஆஸ் கன்வர்ட்டட்' அடிப்படையில, அதாவது ப்ரிஃபரன்ஸ் ஷேரையும் சாதாரண ஷேரா மாறினதா வச்சு, பிரிக்கணும்னு இருந்தா அது பார்ட்டிசிபேட்டிங். ரெண்டுல 'கிரேட்டர் ஆஃப்'னு, அதாவது எது அதிகமோ அதுன்னு இருந்தா நான்-பார்ட்டிசிபேட்டிங். எக்ஸுக்கு முன்னாடி இருக்கிற எண்ணையும் பாருங்க, ஷீட் 1-ல அது மட்டும் 2-ஆ இருந்தா 30 கோடிக்கு விக்கும்போது உங்களுக்கு 16-க்குப் பதிலா 8 தான்.

வேல்யூவேஷன்லயே ஒரு ஓட்டை உண்டு, அது ஈசாப் பூல், ஊழியர்களுக்குன்னு ஒதுக்கி வைக்கிற பங்கு. மேல ரெண்டுலயும் புது பூல் இல்லன்னு வச்சுத்தான் கணக்கு போட்டேன். ஷீட் 1-காரர் போஸ்ட்-மனில 10% பூல் வேணும், அதையும் ப்ரீ-மனிக்குள்ளயே வைக்கணும்னு சொன்னா, 50-ல 10% ஆன 5 கோடி உங்க 40-லருந்து கழியும், நிஜமான ப்ரீ-மனி 35. அதனால பூல் யார் பங்குலருந்து வருதுன்னு ரெண்டு ஷீட்லயும் ஒரே மாதிரி ஆக்கிட்டு அப்புறம்தான் வேல்யூவேஷனை ஒப்பிடணும்.

ஷீட் 1 இன்வெஸ்டரைத்தான் பிடிச்சிருக்கு, அவர் அனுபவம் வேணும்னா வேல்யூவேஷனைத் தொடாம ப்ரிஃபரன்ஸைப் பேசுங்க. முதல்ல நான்-பார்ட்டிசிபேட்டிங் கேளுங்க. முடியாதுன்னா கேப் கேளுங்க, எல்லாம் சேத்து மொத்தம் 2 எக்ஸ், அதாவது 20 கோடிக்கு மேல ப்ரிஃபரன்ஸ் வழியா எடுக்கக் கூடாது, அதுக்கு மேல வேணும்னா சாதாரண ஷேரா மாத்திக்கிட்டு 20% வாங்கிக்கணும்னு. இந்த ஒரு வரி சேந்தா ரெண்டு ஷீட்டும் சமமாகற இடம் 160-லருந்து 80 கோடிக்கு இறங்கிடும், அப்ப ஷீட் 1-ஐ எடுக்கிறதுல எனக்கும் ஆட்சேபணை இல்ல.

இதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடியே பேசி முடிக்கணும். டெர்ம் ஷீட்ல பெரும்பாலான வரிகள் சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனா வேற இன்வெஸ்டர்கிட்ட பேசக் கூடாதுங்கிற நோ-ஷாப் வரி கட்டுப்படுத்தும், ஷீட் 1-ல கையெழுத்துப் போட்ட நாள்லருந்து அதுல சொன்ன காலம் முடியற வரைக்கும் ஷீட் 2-காரர்கிட்ட நீங்க பேசவே முடியாது, அதுக்கப்புறம் கேப் கேட்டா ஒத்துக்கணும்னு எந்த நெருக்கடியும் ஷீட் 1-காரருக்கு இருக்காது.