கயிறா, துணிக்கட்டா, மட்டையா? பினாங்கில் பாம்பு கடித்தால்

சென்ற துரியான் பருவத்தில், பாலிக் புலாவில் இருக்கும் என் மாமாவின் தோட்டத்தில், மாலை மங்கும் நேரம். வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மாமா லோங்காங் ஓரமாகக் காலை வைத்தார். வலது கணுக்காலுக்கு மேல் கடி விழுந்தது. படமெடுத்த கறுப்புப் பாம்பு புல்லுக்குள் போவதை அவருடைய மகன் பார்த்தான். அத்தை 999-ஐ அழைப்பதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் நைலான் கயிற்றோடு ஓடிவந்து, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டார். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் அன்று எங்கள் கையில் இருந்த மூன்று வழிகளில் அதுவே மிக மோசமானது.

கயிறு முதலில் நிறுத்துவது காலுக்குப் போகும் இரத்தத்தை. நஞ்சு பெரும்பாலும் தோலுக்கடியில் நிணநீர் வழியாகவே மேலேறுகிறது. அதைத் தள்ளிவிடுவது நம் தசைகளின் அசைவு. இங்கே வீட்டோரம் காணப்படும் கறுப்பு நாகமும், வடக்கே ரப்பர்த் தோட்டங்களில் சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும் குழிவிரியனும் கடித்த இடத்துச் சதையையே அழுகச் செய்பவை. அத்தகைய நஞ்சை இரத்தம் இல்லாத காலில் பூட்டி வைத்தால் கால்தான் போகும். கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் இதே வகைதான்: நஞ்சு வெளியே வருவதில்லை, புண் பெரிதாகிறது, கிருமி சேர்கிறது.

அடுத்தது, ஆஸ்திரேலியக் காணொளிகளில் வரும் அழுத்தக் கட்டு. அகலமான இழுவைத் துணியை கால்விரல்களுக்குச் சற்று மேலிருந்து தொடை வரை, சுளுக்குக்குச் சுற்றும் அளவு இறுக்கத்தில் சுற்றுவார்கள். கட்டுவிரியன், கடற்பாம்பு போல வீக்கம் அதிகம் இல்லாமல் நரம்பையும் தசையையும் தாக்கும் நஞ்சுக்கு அது உதவலாம், அதுவும் பழகிய கையாக இருந்தால். வீங்கும் கடிக்கு அதே கட்டு கேடு. இருட்டில் கடித்தது எது என்று யாருக்குத் தெரியும்? அதனால் வீட்டு வைத்தியமாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாதது போல இருக்கும். படுக்க வைத்து, செருப்பு, மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். பிறகு மடித்த அட்டைப்பெட்டியோ குடையோ மட்டையாக வைத்து, முழங்காலும் கணுக்காலும் அசையாதபடி துணியால் தளர்வாகக் கட்ட வேண்டும். கால்விரல் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். இல்லையென்றால் கட்டு இறுக்கம். வீக்கம் ஏற ஏற இதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கடிபட்டவர் நடக்கக் கூடாது, வண்டியும் ஓட்டக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், குழிவிரியன் கடியில் இரத்தம் உறையாமல் போகும் என்பதால்.

எங்கள் தவறு கயிற்றோடு முடியவில்லை. கட்டியது தவறு என்று தெரிந்ததும் வழியிலேயே அவிழ்க்கப் போனேன். நல்லவேளை, ஆம்புலன்சில் வந்தவர் கையைத் தட்டிவிட்டார். இறுகக் கட்டியதைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் உடலுக்குள் பாயும். மருத்துவமனையில் ஊசிவழியாக நீர் ஏற்றி, நஞ்சுமுறி மருந்தைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே மெல்லத் தளர்த்தினார்கள். பாதம் நீலம் பாரித்திருந்தது.

மருந்து விஷயத்தில்தான் நம்மவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் அறிவுரைகள் கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும் மனதில் வைத்தவை. அவை இரண்டும் இங்கே இல்லை. அங்கே நான்கு பாம்புகளுக்குச் சேர்த்து ஒரே மருந்து. இங்கே பெரும்பாலும் பாங்காக்கிலிருந்து வரும், ஒவ்வொரு பாம்புக்கும் தனித்தனியான மருந்து. ஆகவே எந்தப் பாம்பு என்று தெரிவது இங்கே கூடுதல் முக்கியம். அதற்காகப் பாம்பை அடித்துப் பிளாஸ்டிக் பையில் தூக்கிப் போக வேண்டாம். வெட்டிய தலைகூடக் கடிக்கும். எட்ட நின்று கைப்பேசியில் ஒரு படம் போதும். கிடைக்காவிட்டால் அதற்காக ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். மாமா மகன் எடுத்த படம் மங்கல்தான், ஆனாலும் பாம்பின் விரித்த படமும் நிறமும் தெரிந்தன. நாகத்துக்கான மருந்தை எடுக்க அது உதவியது.

மருத்துவர் வீக்கத்தின் மேல் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 8.10 என்று எழுதினார். ஒரு மணி நேரத்தில் வீக்கம் கோட்டைத் தாண்டி நான்கு விரல்கடை ஏறியிருந்தது. அடுத்த கோடு போட்டார். வீக்கம் ஏறும் வேகத்தைக் காட்டும் இந்தக் கோட்டை நாமே வண்டியிலேயே போட்டிருக்கலாம். பற்குறி மட்டும் இருந்து வீக்கமே இல்லையென்றாலும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பார்கள். பாதி இரவில் "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று மாமா கிளம்பப் பார்த்தார். அத்தைதான் அவருடைய சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.