பி.எஃப். மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, என் பணத்தையே எடுத்துக் கொடுத்து கமிஷன் வாங்கிய ஏஜென்ட்

பழைய கம்பெனி பி.எஃப்.ஐப் புதிய கணக்குக்கு மாற்ற, பெயர் திருத்த, பிறந்த தேதி திருத்த யாராவது ஏஜென்டிடம் போகலாமா என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 2024இல் எனக்கு நடந்தது இது. போனது 9,040 ரூபாய். அதைவிட எரிச்சல், ஏமாந்தது தெரியவே மூன்று மாதம் ஆனது.

கதை 2012இல் ஆரம்பிக்கிறது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். படிவத்தை நான் நிரப்பவில்லை, ஆபீஸ் அண்ணன் ஒருவர் நிரப்பினார். ஆதாரில் என் பெயர் Senthilkumar P. அவர் எழுதியது P Senthil. பிறந்த தேதி 6-10-1988. அவர் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டு 10-6-1988 ஆக்கிவிட்டார். 2014இல் எல்லோருக்கும் யு.ஏ.என். என்ற நிரந்தர பி.எஃப். நம்பர் வந்தபோது இந்தத் தப்பும் அப்படியே அதில் ஏறிக்கொண்டது. ஒரு துண்டுச் சீட்டில் நம்பரைக் கொடுத்தார்கள், பர்ஸில் வைத்தேன், மறந்துவிட்டேன்.

2016 ஆகஸ்டில் அங்கிருந்து விலகி, 2017 மார்ச்சில் இப்போதைய கம்பெனியில் சேர்ந்தேன். சேரும்போது படிவம் 11இல் பழைய யு.ஏ.என். எழுத ஓர் இடம் உண்டு. நான் சீட்டை எடுத்து நீட்டினேன். எச்.ஆர். பெண் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆதாரோட மேட்ச் ஆகலைங்க சார், புதுசே போட்டுடறேன், அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றார். தலையாட்டிவிட்டேன். அன்றைக்கே பழைய நம்பரைத் திருத்தச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவே இருக்காது. ஓர் ஆதாரை ஒரு யு.ஏ.என்.னோடுதான் இணைக்க முடியும். புதியதோடு இணைத்தாகிவிட்டதால், அதற்கப்புறம் பழைய கணக்கில் நானாக உள்ளே போய் எதையும் திருத்த முடியாத நிலை.

பழைய கணக்கில் வட்டியோடு ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம் இருந்தது. ஆன்லைனில் `One Member - One EPF Account` வழியாக மாற்றப் பார்த்தேன். பெயரும் தேதியும் பொருந்தவில்லை, போகவில்லை. பழைய கம்பெனிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். "ரெக்கார்டெல்லாம் குடோன்ல இருக்கு தம்பி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றே பதில். அப்போதுதான் பி.எஃப். ஆபீஸ் இருக்கும் தெருவில், ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி நண்பன் சொன்னான்.

ஆள் நன்றாகப் பேசினார். "இனிஷியல் பிரச்சனைதானே? தினமும் பத்து பேர் வர்றாங்க." அட்வான்ஸ் 2,000, வேலை முடிந்ததும் தொகையில் 8 சதவீதம் என்றார். என் புதிய யு.ஏ.என்., பாஸ்வேர்ட், ஆதார் நகல், பான் எல்லாம் வாங்கிக்கொண்டார். கூடவே காசோலைத் தாள் ஒன்றின் போட்டோ கேட்டார். அங்கேதான் நான் விழித்திருக்க வேண்டும். ஒரு பி.எஃப். கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போவதற்குக் காசோலை எதற்கு? அப்போது பணத்தை வங்கிக்கு எடுக்கும்போதுதான் அதைக் கேட்பார்கள். நாலு நாள் கழித்து போன் செய்து, "ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். எதற்கான ஓ.டி.பி. என்று கேட்கவில்லை.

பத்து நாளில் என் வங்கிக் கணக்கில் 88,000 ரூபாய் விழுந்தது. மாற்றத்தானே சொன்னேன், பணமாக ஏன் வந்தது என்று கேட்டேன். "டிரான்ஸ்ஃபர்னா வருஷக்கணக்கா இழுக்கும். நேரா பணமாவே வாங்கிட்டேன், டி.டி.எஸ். போக இவ்வளவுதான்." நம்பினேன். 7,040 ரூபாய் கொடுத்தேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் கழித்து வீட்டுக் கடனுக்காக பாஸ்புக்கைத் திறந்தேன். இப்போதைய கம்பெனிக் கணக்கில் இருப்பு குறைந்திருந்தது. கீழே ஒரு வரி: `Claim: Against PARA 68J`. அப்போது 68J என்றால் நோய்ச் சிகிச்சைக்கான முன்பணம். ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது வட்டியோடு நம் பங்கு, இதில் எது குறைவோ அதுவரை எடுக்க முடிந்தது. மருத்துவச் சான்று எதுவும் கேட்கவில்லை. என் அடிப்படைச் சம்பளம் 15,000, ஆறு மாதத்துக்கு 90,000. அதற்குள் நிற்கும்படி, முன்பணம் கேட்கும் படிவம் 31இல் ஏஜென்ட் 88,000 போட்டிருக்கிறார். அதாவது நான் எடுத்தது என் சொந்தச் சேமிப்பு, அதுவும் எனக்கு உடம்பு சரியில்லை என்ற பொய்யோடு. பழைய கணக்கில் ஒரு ரூபாய்கூட அசையவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பணம் வந்துச்சா இல்லையா சார்?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றும் இல்லை.

அப்புறம் நானே செய்தேன். லீவு போட்டுவிட்டு பம்ப் கம்பெனிக்கு நேரில் போனேன். போனில் மூன்று மாதம் நடக்காதது நேரில் ஒரு மதியத்தில் நடந்தது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து கூட்டு உறுதிமொழிப் படிவம் நிரப்பினோம். தவறான விவரம் ஒரு பக்கம், சரியான விவரம் எதிரே, என் கையெழுத்து, கம்பெனி கையெழுத்து, முத்திரை. பிறந்த தேதிக்கு ஆதாரைக் கொடுத்து ஏமாறாதீர்கள். 2024 ஜனவரியிலிருந்து ஆதாரைப் பிறந்த தேதிச் சான்றாக ஏற்பதில்லை. நான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கொடுத்தேன். கூடவே இன்னொரு ஓட்டை தெரிந்தது, நான் விலகிய தேதியையே அவர்கள் ஏற்றியிருக்கவில்லை. அதையும் அப்போதே போடச் சொன்னேன். அது புதிய வேலையில் சேர்ந்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒரு நாள் மேலே ஏறினாலும் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்த்த மாதிரி காட்டும், அது தனித் தலைவலி.

திருத்தம் ஏற இரண்டு மாதம் ஆனது. பிறகு அதே ஆன்லைன் கோரிக்கையைப் போட்டேன், இந்தத் தடவை விவரங்கள் பொருந்தின, மூன்று வாரத்தில் பணம் வந்தது. செலவு பஸ் சார்ஜும் ஜெராக்ஸும்தான், இந்தச் சேவைக்குக் கட்டணமே கிடையாது. வந்த பிறகு பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் பழைய தொகை தெரியவில்லை என்று பயந்தேன். அங்கே பார்க்க வேண்டியது தொகையை அல்ல, வேலை பார்த்த காலத்தை. `View` பக்கத்தில் `Service History` திறந்தால் இரண்டு கம்பெனியும் ஒரே யு.ஏ.என்.னில் வரிசையாக இருக்க வேண்டும். ஓய்வூதியத்துக்கு 10 வருடம் வேண்டும் என்பதால், என் பழைய நாலு வருடம் அதில் சேர்ந்தது பணத்தைவிடப் பெரிய நிம்மதி.

2017 அக்டோபர் 1 முதல் ஆதாரோடு யு.ஏ.என். வாங்கியவர்களுக்கு என் அளவுக்கு அலைச்சல் இல்லை. 2025 ஜனவரியில் வந்த மாற்றப்படி பெயர், பிறந்த தேதி போன்றவற்றைக் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் தாங்களே திருத்திக்கொள்ளலாம். என்னைப் போல் அதற்கு முந்தையவர்கள் பழைய கம்பெனி உயிரோடு இருக்கும்போதே போய்விடுங்கள்.

ஏற்கெனவே யாரிடமாவது பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால், இன்றைக்கே அதை மாற்றிவிட்டு `Track Claim Status` திறந்து பாருங்கள். நீங்கள் கேட்டது கணக்கு மாற்றத்துக்கான படிவம் 13. அங்கே பணம் எடுக்கும் படிவங்களான 31 என்றோ 19 என்றோ இருந்தால் அந்த ஆளுக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துவிட்டேன். இன்னமும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.