அடைப்புக்குறி எண்ணா, அடிக்குறிப்பா?

உயிரியலில் இளங்கலை முடித்துவிட்டு இங்கே சிங்கப்பூரிலேயே வரலாறு முதுகலையில் சேர்ந்தேன். முதல் கட்டுரை திருத்தப்பட்டு வந்தபோது ஓரம் முழுக்கப் பென்சிலில் ஒரே கேள்வி: "எந்தப் பக்கம்?"

ஆதாரம் சுட்ட உயிரியலில் நான் பழகியது வான்கூவர் முறை, வாக்கிய முடிவில் ஓர் எண். வரலாற்றில் சிகாகோ அடிக்குறிப்பு. காற்புள்ளி, சாய்வெழுத்தையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். பழக நாளானது பக்க எண்தான்.

அறிவியலில் கட்டுரையை முழுதாகவே சுட்டுகிறோம். வெப்பம் கூடினால் இந்த நொதி செயலிழக்கும் என்று எழுதி [4] போட்டால் போதும். சந்தேகப்படுகிறவர் நேரே முடிவுகள் பகுதிக்குப் போய்விடுவார். வரலாற்று நூலில் அப்படியொரு பகுதி கிடையாது. வாதம் 300 பக்கங்களில் பரவிக் கிடக்கும். 118ஆம் பக்கத்தில் சொன்னதை 240இல் ஆசிரியரே மாற்றிச் சொல்லியிருப்பார். எந்த வரியைப் பிடித்துப் பேசுகிறேன் என்று காட்டாவிட்டால் யாரும் சரிபார்க்க முடியாது. அதனால்தான் இந்த முறையை எனக்கு அதிகம் பிடித்துப்போனது.

என் தவறு எங்கே நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அடிக்குறிப்புகளை அமைத்துத் தரும் மென்பொருளான Zotero-வில் `Pages` என்ற இடத்தில் 112–140 என்று இருந்தது. அது கட்டுரை இதழில் அச்சான மொத்தப் பக்கங்கள். நான் சுட்டும் பக்கத்தை, அடிக்குறிப்பைச் செருகும்போது தனியாகத் தர வேண்டும். அதைத் திருத்தும்போது இன்னொரு தவறு: திரையில் கோப்பு காட்டிய 7ஐப் போட்டேன். தாளில் அச்சாகியிருந்தது 118. மறுபதிப்பு என்றால் பக்கங்கள் மாறிவிடும், அதனால் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டையே தர வேண்டும்.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடி நூல்களை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், இரவல் தரமாட்டார்கள். பக்கம் குறிக்காத குறிப்புகளுக்காக இரண்டு சனிக்கிழமைகள் திரும்பப் போய்த் தேடினேன். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளுக்கும் இதே கதைதான். பேட்டியின் பதிவு எண் மட்டும் போதாது, எத்தனையாவது ஒலிச்சுருள் என்றும் வேண்டும்.

எதிர்த்திசையில் போன ஒருவரைத்தான் எனக்குத் தெரியும், அதனால் பொதுவாகச் சொல்லத் தயங்குகிறேன். இலக்கியத்திலிருந்து உளவியலுக்குப் போன தோழி அவர். அங்கே ஏபிஏ முறை, பெயரும் ஆண்டும். நேர்மேற்கோளுக்குத்தான் பக்க எண் கட்டாயம். ஆனால் நேர்மேற்கோளே அங்கே அபூர்வம் என்பதால், பத்தி பத்தியாக எடுத்தாண்டதையெல்லாம் சொந்த வார்த்தையில் ஒரு வரியாகச் சுருக்க வேண்டியிருந்தது அவருக்கு. எனக்கு அது சுலபமாக வந்திருக்கும்.

இப்போதெல்லாம் குறிப்பேட்டில் பக்க எண்ணை இடது ஓரத்தில் முதலில் எழுதுகிறேன், அப்புறம்தான் வாக்கியம்.