ரெண்டு வருஷம் கீவேர்டையும் கேட்டகிரியையும் நோண்டினதுல தெரிஞ்சது

நான் பாட்காஸ்ட் ஆடியோ எடிட் பண்றவன். ஃப்ரீலான்ஸ் சைட் ஒண்ணுல ப்ரொஃபைல் போட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. மொத ஆறு மாசம் வந்த மெசேஜ் எல்லாம் "பாட்டு மிக்ஸ் பண்ணித் தருவீங்களா"ன்னுதான், ஏன்னா நான் கேட்டகிரில மிக்சிங் அண்ட் மாஸ்டரிங்னு கொடுத்துட்டு டைட்டில்ல கெத்தா சவுண்ட் டிசைனர்னு போட்டு வெச்சிருந்தேன். பாட்காஸ்ட்டுக்கு ஆள் தேடுறவங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்கன்னு அப்ப எனக்கு உறைக்கல.

கேட்டகிரிங்கறது வாசல் மாதிரி. வாங்கறவங்க பாட்காஸ்ட் சப்கேட்டகிரிக்குள்ள போய் ஃபில்டர் போட்டாங்கன்னா வேற கேட்டகிரில இருக்கற ப்ரொஃபைல் எவ்ளோ நல்ல கீவேர்ட் வெச்சிருந்தாலும் அந்த லிஸ்ட்ல வராது. அதனால மொதல்ல அதைத்தான் மாத்தினேன், மாத்தின உடனே ரெண்டு வாரம் வியூஸ் படுத்துடுச்சு, பயந்து திரும்ப பழைய கேட்டகிரிக்கே போயிடலாமான்னு கூட இருந்துச்சு, நல்லவேளை போகல.

அடுத்தது கீவேர்ட். நான் எழுதி வெச்சிருந்தது `audio restoration`. சரியான வார்த்தைதான், ஆனா எங்க தொழில்காரங்க மட்டும் பேசுற வார்த்தை. பழைய சாட் எல்லாம் உட்கார்ந்து படிச்சுப் பார்த்தா ஒரு ஆள் கூட அப்படி கேட்கல, ஃபேன் சத்தத்தை எடுக்கணும், எக்கோ அடிக்குதுன்னுதான் எழுதியிருக்காங்க. அதனால டைட்டிலை `podcast editing and background noise removal`னு மாத்தி, டேக்ல `echo removal` சேர்த்தேன். டிஸ்க்ரிப்ஷன் மொத ரெண்டு வரில அதே வார்த்தைங்க இயல்பா வர்ற மாதிரி எழுதினேன். ஒரே வார்த்தையை பத்து தடவை திணிச்சும் ஒரு தடவை பார்த்திருக்கேன், படிக்கவே கன்றாவியா இருந்துச்சு, வந்தவங்களும் ஓடிட்டாங்க.

வேலை செய்யுதான்னு எப்படி தெரியும்னா, இம்ப்ரெஷனை, அதாவது தேடறவங்க லிஸ்ட்ல நம்ம ப்ரொஃபைல் எத்தனை தடவை வந்துச்சுங்கற கணக்கை மட்டும் பார்க்காதீங்க, எத்தனை பேர் க்ளிக் பண்ணாங்கன்னும் பாருங்க. நடுவுல ஆசைப்பட்டு `music`னு ஒரு டேக் போட்டேன், வாரத்துக்கு 300 இருந்த இம்ப்ரெஷன் 900 ஆச்சு, ஆனா க்ளிக் 14லேர்ந்து 6க்கு இறங்கிடுச்சு. சம்பந்தமில்லாத ஆளுங்க கண்ணுல பட்டுக்கிட்டு இருக்கோம்னு அதுல தெரிஞ்சுபோச்சு, தூக்கிட்டேன். க்ளிக் வருது ஆனா மெசேஜ் வரலைன்னா அது வேற கதை, அப்ப சாம்பிளையும் ரேட்டையும் பார்க்கணும், கீவேர்டை நோண்டி பிரயோஜனம் இல்ல.

ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, ரெண்டு மூணு வாரம் விடுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எதால ஏறுச்சு எதால இறங்குச்சுன்னு கண்டே பிடிக்க முடியாது. அப்புறம் நம்ம அக்கவுண்ட்லயே தேடிப் பார்த்து முதல் பக்கத்துல இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, நம்ம ஹிஸ்டரியை வெச்சு ரிசல்ட்டை மாத்திக் காட்ட வாய்ப்பு இருக்கு. லாக் அவுட் பண்ணி ப்ரைவேட் விண்டோல தேடுங்க. நான் அப்படி பார்த்தப்ப நாலாவது பக்கத்துல கிடந்தேன்.

ரிவ்யூ நிறைய வாங்கினவங்க இன்னமும் எனக்கு மேலதான் வர்றாங்க, அதுக்கு கீவேர்ட் ஒண்ணும் பண்ண முடியல. ஆனா பாட்டு மிக்ஸ் கேட்டு கடைசியா மெசேஜ் வந்து நாலு மாசம் ஆச்சு.