ஐந்தரை வெள்ளிக்கு வரி எவ்வளவு: ஃபுளோட், டபுள், டெசிமல், வெறும் காசு

சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு மசாலா சாமான் போடும் மொத்த வியாபாரி ஒருவருக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் 5 வெள்ளி 50 காசு. அதன்மேல் 9 சதவீத பொருள் சேவை வரி. கையால் கணக்குப் போட்டால் வரி 49.5 காசு. அரைக் காசு என்று ஒன்று கிடையாது, அதனால் 50 காசாக முழுமையாக்குகிறோம். ரசீதில் மொத்தம் 6 வெள்ளி. இதே கணக்கை நிரலில் எழுதும்போது, விலையை எந்த வகை எண்ணில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து 6.00 வரும், அல்லது 5.99 வரும். போட்டியில் இருப்பவை நான்கு: 32 பிட் ஃபுளோட், 64 பிட் டபுள், டெசிமல் வகை, காசுகளை முழு எண்ணாக வைப்பது.

முதல் இரண்டும் ஒரே குடும்பம். ஐ-ட்ரிபிள்-ஈ 754 என்ற தரநிலை 1985-இல் வந்தது. இன்று நம் கையில் இருக்கும் கணினி, கைப்பேசி எல்லாமே ஏறக்குறைய அதன்படிதான் தசம எண்களை வைக்கின்றன. ஓர் எண்ணை மூன்று துண்டாகப் பிரித்து எழுதுவதுதான் அதன் வேலை. ஒரு பிட் குறி: கூட்டலா கழித்தலா என்பது. அடுத்தது அடுக்கு: இரண்டின் எத்தனையாவது அடுக்கால் பெருக்குவது என்பது. மீதி எல்லாம் பின்னம். ஃபுளோட்டில் அடுக்குக்கு 8 பிட், பின்னத்துக்கு 23. டபுளில் 11, 52.

0.1, அதாவது நம் பத்துக் காசு, இதில் எப்படி உட்காருகிறது என்று பார்ப்போம். தசமத்தை இரும எண்ணாக்க, இரண்டால் பெருக்கிக்கொண்டே போய் முழு எண் பகுதியை மட்டும் பிடுங்கி எழுத வேண்டும். 0.1 இரட்டிப்பானால் 0.2, பிறகு 0.4, 0.8. மூன்று பூஜ்யம். அடுத்து 1.6: ஒன்றை எழுதிக்கொண்டால் மீதி 0.6. அது 1.2 ஆகும்: இன்னொரு ஒன்று, மீதி 0.2. இந்த 0.2-ஐ ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இனி அதே நான்கு இலக்கங்கள் முடிவே இல்லாமல் சுற்றும்: 0.000110011001100… காரணம் எளிது. இரும எண்ணில் முடிகிற பின்னம் எதுவானாலும் அதன் கீழ் எண் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். பத்து என்பது இரண்டு பெருக்கல் ஐந்து. அந்த ஐந்து இரண்டின் எந்த அடுக்கிலும் காரணியாக வராது. பத்தில் ஒன்று என்பதில் கோளாறு ஏதுமில்லை, அடிமானம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இப்போது முதல் ஒன்று புள்ளிக்கு முன்னால் வரும்படி நகர்த்தினால் 1.1001 1001… பெருக்கல் இரண்டின் மைனஸ் நான்காம் அடுக்கு. புள்ளிக்கு முன்னால் எப்போதும் ஒன்றுதான் என்பதால் அதைச் சேமிப்பதில்லை. அடுக்கு மைனஸாகவும் இருக்கலாம் என்பதால் அதோடு 127-ஐக் கூட்டி வைக்கிறார்கள். மைனஸ் 4 இங்கே 123 ஆகிறது. பின்னத்தில் 23 பிட்டோடு இடம் தீர்ந்துவிடும். வெட்டுகிற இடத்தில் மிச்சம் பாதிக்கு மேல் இருப்பதால் கடைசி இலக்கம் ஒன்று ஏறுகிறது:

```
0 01111011 10011001100110011001101
```

இந்த பிட்டுகள் குறிக்கும் எண் 0.1 அல்ல, 0.100000001490116119384765625. டபுளில் அடுக்கு 1019 (அங்கே கூட்டுவது 1023), பின்னம் 52 பிட் நீளம், அங்கேயும் கடைசியில் மேல்நோக்கி ஏற்றம். ஒன்பதாம் தசம இடத்தில் இருந்தே தெரிந்த மிகுதி, பதினேழாம் இடத்துக்குப் பின்னால் ஓடிவிடுகிறது. ஆனால் போய்விடவில்லை.

நம் ஊர்ச் சில்லறைக்கே இதைப் பொருத்திப் பாருங்கள். 5, 10, 20 காசு, இவை மூன்றையும் ஃபுளோட்டோ டபுளோ துல்லியமாக வைக்க முடியாது. 50 காசும் ஒரு வெள்ளியும் மட்டும் முடியும். ஒரு வெள்ளிக்குள் வரும் நூறு காசு மதிப்புகளில் .00, .25, .50, .75 என்ற நான்கு மட்டுமே சரியாக அமையும். மற்ற தொண்ணூற்றாறும் கிட்டத்தட்டதான்.

சரி, ஃபுளோட்டை விட்டு டபுளுக்குப் போனால் தீராதா? வேலைக்குப் புதிதாகச் சேர்கிற பையன்கள் கேட்கிற முதல் கேள்வி இது. “அண்ணே, டபுள் போட்டா அவ்ளோ இலக்கம் இருக்கே, காசு எப்படிண்ணே தப்பும்?” தப்பும் என்பதைக் காட்டத்தான் இந்த ஐந்தரை வெள்ளி. பைத்தானில், டபுளாகவே:

```
>>> 5.5 * 0.09
0.495
>>> round(5.5 * 0.09, 2)
0.49
```

திரையில் 0.495 என்று அச்சொட்டாகத் தெரிகிறது, முழுமையாக்கினால் 0.49. நிறைய பேர் இது வங்கி முறை முழுமையாக்கல் என்று நினைத்துக்கொண்டு அதை மாற்றப் பார்ப்பார்கள். அது காரணம் அல்ல. சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் போவது வங்கி முறை. அப்படிப் பார்த்தாலும் 49.5 என்பது 50-க்குத்தான் போக வேண்டும். உண்மையில் உள்ளே இருப்பது 0.49499999999999999556 என்று தொடரும் ஓர் எண். 0.495-க்கு மிக அருகில் டபுளில் கிடைக்கும் இடம் அதுதான், அது ஒரு மயிரிழை கீழே விழுந்திருக்கிறது. அச்சிடும்போது, அந்த எண்ணை அடையாளம் காணப் போதுமான மிகக் குறைந்த இலக்கங்களை மட்டும் பைத்தான் காட்டுவதால் நமக்கு 0.495 என்று தெரிகிறது. முழுமையாக்கும் சார்பு உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. பாதிக்குக் கீழே என்று கண்டு, சரியாகவே கீழே இறக்குகிறது.

இதே கணக்கை ஃபுளோட்டில் செய்தால் வேடிக்கை. 0.09 அங்கே சற்று மேலே தள்ளப்படுகிறது. 5.5-ஆல் பெருக்கி வெட்டியபின் கிடைப்பது 0.4950000048 அளவில் ஓர் எண். முழுமையாக்கினால் 0.50. இலக்கம் குறைந்த ஃபுளோட் சரியான விடையைத் தருகிறது, இலக்கம் கூடிய டபுள் தவறுகிறது! இதைப் பார்த்து ஃபுளோட்டுக்கு மாறிவிடாதீர்கள். எண் எந்தப் பக்கம் விழும் என்பது அதிர்ஷ்டம். துல்லியம் கூடினால் இடைவெளி சிறிதாகும், ஆனால் சரிபாதியில் நிற்கிற கணக்குக்கு எவ்வளவு சிறிய சறுக்கலும் ஒரு காசுதான். பலரும் அறிந்த 0.1 + 0.2 சங்கதியும் இப்படியே: டபுளில் அது 0.3-க்குச் சமமில்லை, ஃபுளோட்டில் சமம்.

ஃபுளோட்டுக்கு இன்னொரு பெரிய குறை உண்டு, அதனால்தான் அதை முதலிலேயே வெளியேற்றுகிறேன். எண் வளர வளர அடுத்தடுத்த எண்களின் இடைவெளியும் வளரும். 1,31,072 வெள்ளியைத் தாண்டினால் ஃபுளோட்டில் அந்த இடைவெளி 0.015625, அதாவது ஒன்றரைக் காசுக்கும் மேல். அதன்பின் ஒரு காசைக் கூட்டினால் தொகை ஒன்றரைக் காசுக்கு மேல் ஏறிவிடும். மொத்த வியாபாரியின் வரவு அந்த எல்லையைத் தாண்ட நாளாகாது. டபுளில் இந்த நிலை வர சுமார் 70 டிரில்லியன் வெள்ளி வேண்டும், அங்கே அது கவலையில்லை.

டபுளை வைத்துக்கொண்டே ஒப்பேற்றுவோர், முழுமையாக்கும் முன் ஒரு பொடி எண்ணைக் கூட்டிவிடுவார்கள், 0.000000001 போல. ஐந்தரை வெள்ளி சரியாகிவிடும். எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை. அந்தப் பொடியின் அளவு ஏன் அவ்வளவு என்று எழுதியவருக்கே தெரியாது, திருப்பிக் கொடுக்கும் தொகை மைனஸில் வரும்போது அதே பொடி எதிர்ப்பக்கம் வேலை செய்யும்.

டெசிமல் வகை இந்தச் சிக்கலை வேரில் தொடுகிறது. அங்கே அடிமானம் பத்து. 5.50 பெருக்கல் 0.09 சரியாக 0.4950, பாதி என்றால் பாதிதான். முழுமையாக்கும் விதியை நாமே பெயர் சொல்லிக் கொடுக்கலாம். 754 தரநிலையே 2008 திருத்தத்தில் பத்தடிமான வடிவங்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சில்லுகள் அதை வன்பொருளில் செய்வதில்லை, மென்பொருள்தான் செய்கிறது, அதனால் வேகம் குறைவு. ரசீது போட அந்த வேகம் தாராளம். எழுதும்போது ஒரு பொறி மட்டும் உண்டு: Decimal("0.09") என்று மேற்கோளோடு கொடுக்க வேண்டும். மேற்கோளை விட்டால், முதலில் டபுளாகிக் கெட்ட எண்ணைத்தான் டெசிமல் அப்படியே பிரதியெடுக்கும். மூன்றில் ஒரு பங்கு டெசிமலிலும் முடியாது, விலையை மூன்று பேருக்குப் பிரிக்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

நான்காவது, என் கட்சி: காசை முழு எண்ணாக வைப்பது. விலை 550. வரி:

```
(550 * 9 + 50) // 100
```

4950-உடன் 50 சேர்த்தால் 5000, நூறால் வகுத்தால் 50. பின்னமே இல்லாததால் எந்த மொழியிலும், எந்தக் கணினியிலும் ஒரே விடை. முழுமையாக்கும் விதி கண்முன்னே எழுதியிருக்கிறது. இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 32 பிட் முழு எண்ணில் காசு வைத்தால் 2,14,74,836.47 வெள்ளியில் நிரம்பிவிடும், ஆகவே 64 பிட் வேண்டும். மேலே உள்ள சூத்திரம் கூட்டல் தொகைக்கு மட்டும். திருப்பிக் கொடுக்கும் தொகைக்குக் குறியைத் தனியே எடுத்துவிட்டு முழுமையாக்க வேண்டும். கிராம் விலை, ரூபாய் மாற்று விகிதம் போல காசுக்குக் கீழே போகிற எண்கள் இருந்தால் முழு எண் படுத்தும், அங்கே டெசிமல்தான் வசதி. தராசு தருகிற எடைக்கு டபுள் போதும், தராசின் பிழையே அதைவிடப் பல மடங்கு பெரிது.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று ரொக்க விற்பனையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு காசு நாணயம் வெளியிடுவது 2002-இலேயே நின்றுவிட்டது. ரொக்கத்துக்கு அருகிலுள்ள 5 காசுக்கு முழுமையாக்கும் கடையில் 5.99-ம் 6.00 ஆகிவிடும், தவறு மூடப்பட்டுவிடும். நெட்ஸ், பேநவ் வழியாக வந்த ரசீதுகளை எடுத்து, வரியைக் காசுக் கணக்கில் மறுபடி போட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரு காசாகவும், வரி அரைக் காசில் முடிகிற விலைகளில் மட்டுமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழைய தரவுத்தளத்தில் டபுளாகக் கிடக்கும் விலைகளைக் காசுக்கு மாற்றும்போதும் அதே பூதம் ஒரு முறை எட்டிப் பார்க்கும். 0.29-ஐ நூறால் பெருக்கினால் டபுள் தருவது 28.999999999999996. int() போட்டால் வால் வெட்டுப்பட்டு 28 ஆகிவிடும், round() போட்டால் 29. மாற்றி முடித்ததும் பழைய மொத்தத்தையும் புதிய மொத்தத்தையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது, வரிசை வரிசையாக ஒப்பிடுங்கள்.