ஃபோர்ட்டில் பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் மும்பை ஃபோர்ட்டில் ஒரு கடையில் பழைய நிக்கான் 70-300 லென்ஸ் வாங்கினேன். ஏ.எஃப்-பி, டி.எக்ஸ் வகை. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். "அண்ணாச்சி, இதுல வி.ஆர். இருக்கு, கை ஆடினாலும் படம் ஆடாது, அறுபதுல ஒண்ணு வெச்சே எடுங்க" என்றார். நம்ம ஊர்க்காரர் சொல்கிறாரே என்று நம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் மாட்டுங்காவில் அக்கா மகளின் அரங்கேற்றம். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/ஃபோகல் லென்த்தை விடக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. என் கேமராவின் சென்சார் சிறியது, 1.5 மடங்கு பெருக்க வேண்டும். 300 மிமீ 450 ஆகிவிடும், அதாவது குறைந்தது 1/500. அரங்க வெளிச்சத்தில் அதற்கு ஐ.எஸ்.ஓ. 12800 தேவைப்பட்டது. 1/60 என்றால் 1600 போதும். வி.ஆர்.தான் இருக்கிறதே என்று 1/60-லேயே எடுத்துத் தள்ளினேன்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் குத்துவிளக்கின் சுடர்கூட இரட்டையாக இழுபட்டிருந்தது. பின்திரையின் ஜரிகையும் அதே திசையில் இழுபட்டிருந்தது. ஆடியவள் மட்டும் கலங்கியிருந்தால் அசைவு என்று விட்டுவிடலாம். அசையாத விளக்கும் கலங்கினால் அது கை நடுக்கம்தான். அப்போதுதான் லென்ஸில் எழுதியிருப்பதைப் படித்தேன். பெயர் 'இ.டி.' என்பதோடு முடிந்திருந்தது, வி.ஆர். இல்லை. இதே லென்ஸ் இரண்டு வகையாக வருகிறது. இரண்டிலுமே வி.ஆர். சுவிட்ச் கிடையாது என்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

திரும்பப் போனால், "பில்லுல வி.ஆர்.னு போட்டிருக்கா அண்ணாச்சி?" என்றார். இல்லைதான். '70-300' என்று மட்டும்தான் இருந்தது.

ஒன்பதாயிரம் போயிற்று. நீங்கள் வாங்கினால் பெயரை முழுக்கப் படித்து, அப்படியே பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடையிலேயே 300-க்கு ஜூம் செய்து, எதிர்க்கடைப் பலகையைப் பார்த்து ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். வி.ஆர். ஓடினால், ஆடிக்கொண்டிருந்த காட்சி மிதப்பதுபோல் சட்டென்று அடங்கும். அடங்கவே இல்லையா, விலை பேச வேண்டாம்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உண்மையான வி.ஆர். நான்கு ஸ்டாப் உதவுவதாக வைத்துக்கொண்டால் 500, 250, 125, 60, 30 என்று இறங்கலாம். காகிதக் கணக்கில் 1/60 தாராளம். ஆனால் அது என் கையைத்தான் அடக்கும், அவள் காலை அடக்காது. சிலைபோல் நின்ற இடங்கள் தப்பியிருக்கும். ஜதிக்கு அப்போதும் 1/250-ஆவது வேண்டும், ஐ.எஸ்.ஓ. 6400-இன் புள்ளிகளைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். அதை அந்தக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அக்காவிடம் இன்னும் படங்களைக் காட்டவில்லை.